ஷஃபிள் பண்ற கோடுல ஒளிஞ்சிருக்கற ஓரவஞ்சனை: எந்த இடத்தோட வேணா ஸ்வாப் பண்ணா ஏன் தப்பு, சரியா எப்படி கலைக்கறது

ஒரு அர்ரேவ கலைச்சுப் போடணும்னா முதல்ல கைக்கு வர்ற கோடு கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒவ்வொரு இடமா போ, மொத்த அர்ரேலயும் ஏதாவது ஒரு இடத்த ரேண்டமா எடு, ரெண்டயும் மாத்திப் போடு. பாக்க ரொம்ப நியாயமா இருக்கும், ரன் பண்ணா நல்லா கலைஞ்ச மாதிரியும் வரும், டெஸ்ட்லயும் பாஸ் ஆயிடும்.

```js
function badShuffle(a) {
  const n = a.length;
  for (let i = 0; i < n; i++) {
    const j = Math.floor(Math.random() * n);
    [a[i], a[j]] = [a[j], a[i]];
  }
  return a;
}
```

ஆனா இது தப்பு. எரர் எதுவும் வராது, எந்த பொருளும் தொலையாது, ரெண்டு தடவையும் வராது. தப்பு என்னன்னா சில வரிசைகள் அடிக்கடி வரும், சிலது கம்மியா வரும். நல்ல ஷஃபிள்னு சொல்லணும்னா ஒரே ஒரு கண்டிஷன்தான்: `n` பொருள் இருந்தா அதுக்கு `n!` வரிசை இருக்கு, அந்த ஒவ்வொரு வரிசையும் வர்றதுக்கு ஒரே அளவு வாய்ப்பு இருக்கணும். மேல இருக்கற கோடு அத செய்யல, செய்யவும் முடியாது. ஏன் முடியாதுன்னு மூணே மூணு கார்டு வச்சு கையாலயே போட்டுப் பாத்துடலாம், பேப்பர் பேனா எடுத்துக்கோங்க.

முதல் படி: மூணு கார்டுல எல்லா வழியையும் எழுதிப் பாக்கறது

கார்டுகள் க, ச, ட. ஆரம்ப வரிசை கசட. லூப் மூணு சுத்து ஓடும், ஒவ்வொரு சுத்துலயும் `j`க்கு மூணு சாய்ஸ், அதனால மொத்தம் 3 × 3 × 3 = 27 வழி. எல்லா வழிக்கும் சம வாய்ப்பு. இப்ப சுத்து சுத்தா போவோம்.

முதல் சுத்துல (`i = 0`) முதல் இடத்த மூணு இடத்துல ஒண்ணோட மாத்தறோம். கிடைக்கறது கசட, சகட, டசக, ஆளுக்கு ஒரு வழி.

ரெண்டாவது சுத்துல (`i = 1`) நடு இடத்த மாத்தறோம். கசடல இருந்து சகட, கசட, கடச வரும். சகடல இருந்து கசட, சகட, சடக வரும். டசகல இருந்து சடக, டசக, டகச வரும். எண்ணிப் பாத்தா கசட 2, சகட 2, சடக 2, கடச 1, டசக 1, டகச 1. மொத்தம் 9. இங்கயே கோணல் தெரியுது, ஆனா இன்னும் ஒரு சுத்து பாக்கி இருக்கு, அது சரி பண்ணிடுமான்னு பாப்போம்.

மூணாவது சுத்து (`i = 2`) முடிஞ்சு 27 வழியையும் கூட்டினா இப்படி வரும்:

```
கசட  4
கடச  5
சகட  5
சடக  5
டகச  4
டசக  4
```

சரி பண்ணல. மூணு வரிசைக்கு 27ல 5, அதாவது 18.5 சதவீதம், மீதி மூணுக்கு 27ல 4, அதாவது 14.8 சதவீதம். நியாயமா எல்லாத்துக்கும் 16.7 வந்திருக்கணும். இத நீங்களே ஒரு தடவை எழுதிப் பாருங்க, பத்து நிமிஷம் கூட ஆகாது, அதுக்கப்புறம் யார் வந்து "அதெல்லாம் ரேண்டம்தானே"ன்னு சொன்னாலும் நீங்க நம்ப மாட்டீங்க.

ஏன் சரியா வரவே வராது

27 வழி இருக்கு, 6 வரிசை இருக்கு. 27அ 6ஆல சமமா பிரிக்க முடியாது, பிரிச்சா 4.5 வரும், அரை வழின்னு ஒண்ணு கிடையாது. அதனால ரேண்டம் நம்பர் எவ்வளவு தரமா இருந்தாலும், எங்க இருந்து வந்தாலும், இந்த கோடு சமமா பிரிச்சுத் தர வாய்ப்பே இல்ல.

இது மூணுக்கு மட்டும் நடக்கற விஷயம் இல்ல. `n` பொருளுக்கு `n` சுத்து, சுத்துக்கு `n` சாய்ஸ், மொத்தம் `n^n` வழி. வரிசை `n!`. சமமா வரணும்னா `n^n`ஐ `n!` மீதி இல்லாம வகுக்கணும். `n!`க்குள்ள `n-1` ஒரு காரணியா உக்காந்திருக்கு, ஆனா `n`க்கும் `n-1`க்கும் 1அ தவிர பொதுக் காரணியே கிடையாது, அதனால `n` 3 ஆகவோ அதுக்கு மேலயோ இருந்தா வகுபடவே படாது. 52 கார்டுல இன்னும் கண்ணுக்கே தெரியும்: 52 = 2 × 2 × 13, அத எத்தனை தடவை பெருக்கினாலும் 2ம் 13ம்தான் இருக்கும், ஆனா 52!க்குள்ள 3, 5, 7, 47 எல்லாம் இருக்கு. `n` 2 ஆ இருந்தா மட்டும் 4 வழி, 2 வரிசை, ஆளுக்கு ரெண்டு, அங்க சரியா வரும். அதனால ரெண்டு பொருள் வச்சு டெஸ்ட் எழுதி பாஸ் ஆயிடுச்சுன்னு விட்டா அந்த டெஸ்ட் எதையும் பிடிக்காது.

சிலபேர் "ரெண்டு தடவ ஷஃபிள் பண்ணா சரியாயிடுமே"ன்னு கேப்பாங்க. மூணு கார்ட ரெண்டு தடவ ஓட்டினா 27 × 27 = 729 வழி, அதையும் 6ஆல வகுக்க முடியாது, ஏன்னா 729 வெறும் 3களோட பெருக்கல், அதுல 2ங்கற காரணியே இல்ல. நூறு தடவ ஓட்டினாலும் அதே கதைதான். கோணல் குறைஞ்சுகிட்டே போகும், ஆனா போகாது, வேலை மட்டும் நூறு மடங்கு ஆகும். சரியான வழி இதவிட கம்மி வேலையில முடியும்போது இதுக்கு ஒரு அவசியமும் இல்ல.

கோணல் எந்தப் பக்கம் சாயுது

அதே 27 வழியையும் இடம் வாரியா எண்ணிப் பாருங்க. முதல் இடத்துல ச 10 தடவை, க 9, ட 8. நடு இடத்துல ட 10, க 9, ச 8. கடைசி இடத்துல மூணும் 9, 9, 9. அதாவது கடைசி இடம் மட்டும் பாத்தா எல்லாம் சரியா இருக்கற மாதிரியே தெரியும். அதே மாதிரி க எங்க போச்சுன்னு மட்டும் பாத்தாலும் 9, 9, 9தான். இது மூணுக்கு மட்டும் இல்ல, எந்த அளவுக்கும் அப்படித்தான்: கடைசி இடம் கடைசி சுத்துலதான் முடிவாகுது, அங்க சாய்ஸ் சமமா இருக்கு, முதல் கார்டு முதல் சுத்துலயே சமமா சிதறிடுது, அதுக்கப்புறம் நடக்கற எதுவும் அந்த சமத்த கெடுக்காது. அதனால "முதல் கார்டு எங்க போகுது"ன்னு மட்டும் பாக்கற டெஸ்ட் இந்த தப்ப கண்டே பிடிக்காது. நிறையபேர் எழுதற டெஸ்ட் அதுதான்ங்கறதுதான் வருத்தம்.

பெரிய அர்ரேல எவ்வளவு மோசமாகும்னு ஒரு கணக்கு போடலாம், இது எனக்கு ரொம்ப பிடிச்ச கணக்கு, ஏன்னா துல்லியமா போட முடியும். கடைசி கார்டு முதல் இடத்துக்கு வர்றதுக்கு என்ன வாய்ப்பு? வழி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, முதல் சுத்துலயே அது முதல் இடத்துக்கு வந்துடணும், அதுக்கப்புறம் மீதி `n-1` சுத்துலயும் `j` முதல் இடத்த தொடாம இருக்கணும். இன்னொண்ணு, கடைசி சுத்து வரைக்கும் யாரும் அத தொடாம அதே இடத்துல உக்காந்திருக்கணும், கடைசி சுத்துல `j` முதல் இடமா வரணும். வேற வழி ஏன் இல்லன்னா, நடுவுல யாராவது தொட்டா அது அப்ப ஓடிட்டு இருக்கற `i` இடத்துக்கு வந்துடும், அந்த இடம் லூப் தாண்டின இடம், அங்க இருந்து திரும்ப முதல் இடத்துக்கு போக பாதையே இல்ல. ரெண்டு வழிக்கும் வாய்ப்பு ஒரே அளவு, கூட்டினா:

```
2 × (1/n) × (1 - 1/n)^(n-1)
```

மூணு கார்டுக்கு போட்டா 8/27, மேல எண்ணினதோட பொருந்துது. 52க்கு போட்டா நியாயமான 1/52ல வெறும் 74 சதவீதம்தான் வருது. அதாவது கட்டோட அடியில இருந்த கார்டு மேல வர்றது வர வேண்டியத விட நாலுல ஒரு பங்கு கம்மி. சீட்டாட்டத்துல இத தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம்.

1999ல ஆன்லைன் போக்கர்ல நடந்தது

இது பாடப்புத்தக பயம் இல்ல, காசு வச்சு ஆடற இடத்துல நிஜமாவே நடந்திருக்கு. பிளானட் போக்கர்னு ஒரு தளம், அதுக்கு சாஃப்ட்வேர் செஞ்சு குடுத்தது ஏஎஸ்எஃப் சாஃப்ட்வேர். எங்க ஆட்டம் நேர்மையா நடக்குதுன்னு காட்டறதுக்காக அவங்களே தங்களோட ஷஃபிள் கோட வெளியிட்டாங்க. ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜிஸ்ங்கற கம்பெனில இருந்த ஒரு குழு, அதுல கேரி மெக்ராவும் ஒருத்தர், அத எடுத்து படிச்சுப் பாத்தாங்க. பாஸ்கல்ல எழுதின அந்த கோடோட முக்கியமான பகுதி இதுதான்:

```pascal
for ctr := 1 to 52 do begin
  random_number := random(51)+1;
  tmp := card[random_number];
  card[random_number] := card[ctr];
  card[ctr] := tmp;
end;
```

நாம பாத்த அதே தப்பு, எந்த இடத்தோட வேணா ஸ்வாப். அதுக்கு மேல இன்னொண்ணும் இருக்கு, கண்ணுல பட்டுச்சா? `random(51)` தர்றது 0ல இருந்து 50 வரைக்கும், ஒண்ணு கூட்டினா 1ல இருந்து 51. 52 வரவே வராது. அதனால 52ஆவது கார்ட கடைசி சுத்து வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க, கடைசி சுத்துல அது கட்டாயமா வேற இடத்துக்கு போயிடும், ஆக 52ஆவது கார்டு 52ஆவது இடத்துல முடியவே முடியாது. இதையே மூணு கார்டுல சின்னதா செஞ்சு பாத்தா, அதாவது `j` முதல் ரெண்டு இடம் மட்டும்தான்னு வச்சா, 8 வழி, வர்ற வரிசை கடச, சடக, டகச, டசக மட்டும், ஆளுக்கு 2. கசடவும் சகடவும் எத்தனை கோடி தடவ ஓட்டினாலும் வராது.

ஆனா அந்த தளத்த நிஜமா உடைச்சது இந்த சாய்வு இல்ல, சீட், அதாவது ரேண்டம் ஜெனரேட்டர ஆரம்பிச்சு வைக்கற நம்பர். ஒவ்வொரு ஷஃபிளுக்கும் முன்னாடி ரேண்டம் ஜெனரேட்டர நடுராத்திரில இருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சுங்கற நம்பர வச்சு ஆரம்பிச்சாங்க. ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் மில்லிசெகண்ட்தான், அதனால அத்தனை வரிசைதான் அதிகபட்சம். 52 கார்டுக்கு இருக்கற வரிசையோ 8க்கு பின்னாடி 67 சைபர் போடற அளவு. சர்வர் கடிகாரத்தோட தங்க கடிகாரத்த ஒத்துப் போக வச்சு அந்தக் குழு அத சுமார் 2 லட்சமா குறைச்சாங்க, கையில இருக்கற ரெண்டு கார்டும் மேஜைல திறந்த மூணு கார்டும் தெரிஞ்சா போதும், 2 லட்சத்துலயும் தேடி மொத்த கட்டையும் கண்டுபிடிச்சிடலாம், அடுத்து என்ன வரும், எதிராளி கையில என்ன இருக்கு, எல்லாமே. இத ஏன் இவ்வளவு சொல்றேன்னா, ஷஃபிள்ல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு, அல்காரிதம் ஒண்ணு, ரேண்டம் எங்க இருந்து வருதுங்கறது இன்னொண்ணு. ஒண்ண சரி பண்ணிட்டா மத்தது தானா சரியாகாது.

சரியான வழி

குடத்துல சீட்டு போட்டு குலுக்கல் எடுக்கறத நினைச்சுக்கோங்க. ஒரு சீட்டு எடுத்தா அது வெளிய போயிடுது, திரும்ப குடத்துக்குள்ள போடறதில்ல, அடுத்த சீட்ட மிச்சம் இருக்கறதுல இருந்துதான் எடுக்கறோம். முதல் தடவ `n` சாய்ஸ், அடுத்து `n-1`, அப்புறம் `n-2`, பெருக்கினா சரியா `n!`. வழியும் `n!`, வரிசையும் `n!`, ஒண்ணுக்கு ஒண்ணு. தப்பான கோடு பண்றது ஏற்கனவே எடுத்த சீட்ட திரும்ப திரும்ப குடத்துல போட்டுக் கலக்கறதுதான்.

இத 1938ல ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் பேப்பர்ல கையால செய்யற முறையா எழுதினாங்க: நம்பர்கள வரிசையா எழுது, ரேண்டமா ஒரு எண் எடு, அடிக்காம மிச்சம் இருக்கறதுல அத்தனாவதா வர்றத அடிச்சு தனியா எழுது. அத அப்படியே கம்ப்யூட்டர்ல போட்டா ஒவ்வொரு தடவையும் அடிக்காதத எண்ணிட்டே போகணும், தனியா இன்னொரு அர்ரேவும் வேணும். 1964ல ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் அத அதே அர்ரேக்குள்ளயே ஸ்வாப் பண்ணி செய்யற மாதிரி மாத்தினார், டொனால்ட் க்னூத் தன் புத்தகத்துல போட்டதுக்கு அப்புறம் பரவலாச்சு. இன்னிக்கு பைத்தான் `random.shuffle`, ஜாவா `Collections.shuffle` உள்ள ஓடறது இந்த முறைதான்.

ஐடியா இதுதான். அர்ரேவ ரெண்டா பிரிச்சு நினைச்சுக்கோங்க: வலது பக்கம் எடுத்து முடிச்ச சீட்டு, இடது பக்கம் குடம். குடத்துல ஒண்ண ரேண்டமா எடுத்து குடத்தோட கடைசி இடத்துக்கு தள்ளு, அங்க இருந்தது எடுத்த இடத்துக்கு வந்துடும், இப்ப குடம் ஒண்ணு சின்னதாச்சு.

```js
function shuffle(a) {
  for (let i = a.length - 1; i > 0; i--) {
    const j = Math.floor(Math.random() * (i + 1));
    [a[i], a[j]] = [a[j], a[i]];
  }
  return a;
}
```

தப்பான கோடுக்கும் இதுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் ஒரே இடத்துலதான்: `n`க்கு பதிலா `i + 1`. மூணு கார்டுல ஓட்டிப் பாப்போம். `i = 2`, `j` 0, 1, 2ல ஒண்ணு. 0 வந்தா டசக, 1 வந்தா கடச, 2 வந்தா கசட அப்படியே. கடைசி இடம் இப்ப ஃபிக்ஸ் ஆயிடுச்சு, இனி யாரும் தொட மாட்டாங்க. அடுத்து `i = 1`, `j` 0 இல்ல 1. டசகல இருந்து சடக, டசக. கடசல இருந்து டகச, கடச. கசடல இருந்து சகட, கசட. ஆறு வழி, ஆறு வரிசை, ஆளுக்கு சரியா ஒண்ணு. `i = 0` ஓட்ட வேண்டாம், ஒத்த சீட்டுல சாய்ஸ் எதுவும் இல்ல.

முன்னாடி இருந்து போற மாதிரியும் எழுதலாம், `i` 0ல ஆரம்பிச்சு `j` `i`ல இருந்து `n-1` வரைக்கும். ரெண்டும் ஒண்ணுதான். எது எழுதினாலும் ரிவ்யூல பாக்க வேண்டியது ரெண்டே கேள்வி: `j`ஓட எல்லை `i`ஓட சேர்ந்து சுருங்குதா? அந்த எல்லைக்குள்ள `i`யும் அடங்குதா?

அந்த ரெண்டாவது கேள்வி ஏன்

`i + 1`ல அந்த `+ 1` விட்டுட்டு `Math.random() * i`ன்னு எழுதிட்டா என்ன ஆகும்? ஒரு கார்டு தன்னோட இடத்துலயே இருக்கற சாய்ஸ் போயிடும். மூணு கார்டுக்கு `i = 2`ல 2 சாய்ஸ், `i = 1`ல 1 சாய்ஸ், மொத்தம் ரெண்டே வழி: சடக, டகச. மீதி நாலு வரவே வராது. "ஷஃபிள்னா எல்லாம் இடம் மாறணும்ல"ன்னு நினைச்சு வேணும்னே இப்படி எழுதறவங்களும் இருக்காங்க, ஆனா நியாயமான ஷஃபிள்ல ஒரு கார்டு பழைய இடத்துலயே இருக்கறது சகஜம், மூணு கார்டுன்னா மொத்த வரிசையுமே மாறாம வர்றதும் ஆறுல ஒரு தடவ நடக்கணும். இந்த முறைக்கு சட்டோலோ அல்காரிதம்னு பேரு, 1986ல சாண்ட்ரா சட்டோலோ எழுதினது, எல்லா பொருளும் ஒரே சுழற்சியா மாறணும்ங்கற தனி வேலைக்கு அது சரியானது. கார்டு கலைக்க இல்ல.

`Math.floor`க்கு பதிலா `Math.round(Math.random() * i)`ன்னு எழுதறது இன்னொரு தப்பு. எல்லை சரியா 0ல இருந்து `i` வரைக்கும்தான் வரும், அதனால கண்ண ஏமாத்தும். ஆனா ரெண்டு ஓரத்துக்கும் பாதி வாய்ப்புதான் கிடைக்கும்: `i = 2`ல 0க்கு கால், 1க்கு அரை, 2க்கு கால்.

ஜாவாஸ்கிரிப்ட்ல அடிக்கடி பாக்கற ஒத்த வரி `a.sort(() => Math.random() - 0.5)` பத்தியும் சொல்லிடறேன். அது ஸ்வாப் தப்பு இல்ல, வேற குடும்பம், ஆனா அதவிட மோசம். சார்ட்டுக்கு நாம குடுக்கற கம்பேர் ஃபங்ஷன் ஒரே கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லணும், இது ஒவ்வொரு தடவையும் வேற சொல்லும், அதனால முடிவு அந்த எஞ்சின் எந்த சார்ட் அல்காரிதம் வச்சிருக்கோ அதப் பொறுத்து சாயும். 2010ல ஐரோப்பாவுல மைக்ரோசாஃப்ட் காட்டின பிரவுசர் தேர்வு பக்கத்துல இதே முறைய போட்டிருந்தாங்க, ராப் வியர்ங்கறவர் அத அலசிப் பாத்தப்போ இன்டர்நெட் எக்ஸ்புளோரர்ல திறந்தா முன்வரிசை அஞ்சு இடத்துல கடைசி இடத்துக்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரரே ஏறக்குறைய பாதி தடவை போச்சு. அஞ்சுல ஒண்ணா இருந்திருக்க வேண்டியது.

ரேண்டம் இன்டெக்ஸ் எடுக்கற இடத்துலயும் கசிவு இருக்கலாம்

அல்காரிதம் சரி, ஆனா `j` சமமா வரலைன்னா எல்லாம் வீண். இங்க வழக்கமான தப்பு மீதி எடுக்கறது. ஒரு ரேண்டம் பைட் எடுத்து `% 52` போட்டா, பைட்டுக்கு 256 மதிப்பு, 52 × 4 = 208, மீதி 48. அதனால 0ல இருந்து 47 வரைக்கும் உள்ள எண்ணுக்கு 5 வழி, 48ல இருந்து 51 வரைக்கும் 4 வழி. வகுபடாத அதே கணக்கு இங்க வேற வேஷத்துல வருது. தீர்வு, 208ம் அதுக்கு மேலயும் வந்தா தூக்கிப் போட்டுட்டு திரும்ப எடுக்கறது:

```js
// n <= 256
function rnd(n) {
  const limit = 256 - (256 % n);
  const b = new Uint8Array(1);
  do crypto.getRandomValues(b); while (b[0] >= limit);
  return b[0] % n;
}
```

நோடுல `crypto.randomInt(i + 1)`, பைத்தான்ல `secrets.randbelow(i + 1)` இதெல்லாம் ஏற்கனவே இந்த வேலைய செஞ்சு தருது, அத எடுத்துக்கறதே நல்லது. பாட்டு லிஸ்ட், குவிஸ் கேள்வி மாதிரி விஷயத்துக்கு `Math.random()` போதும், அத நான் தப்பு சொல்ல மாட்டேன். காசு, பரிசு, தேர்வுப் பட்டியல், இப்படி யாராவது முன்கூட்டியே கணிச்சா லாபம் அடையற இடம்னா கிரிப்டோ ரேண்டம்தான், போக்கர் கதைல உடைஞ்சது அங்கதான். 32 பிட் சீட்னா அதிகபட்சம் 429 கோடி வரிசைதான் வரும், 52 கார்டோட எல்லா வரிசையும் வர 226 பிட் வேணும்.

டெஸ்ட் பண்றது எப்படி

மூணு பொருள் வச்சு எல்லா வரிசையையும் எண்ணுங்க, முதல் இடத்த மட்டும் எண்ணாதீங்க.

```js
const count = {};
for (let t = 0; t < 600000; t++) {
  const k = shuffle(["க", "ச", "ட"]).join("");
  count[k] = (count[k] || 0) + 1;
}
console.log(count);
```

ஒவ்வொரு தடவையும் புது அர்ரே குடுக்கறது முக்கியம். கலைச்ச அர்ரேவையே திரும்ப கலைச்சா தப்பான ஷஃபிளும் நாளாவட்டத்துல சமமாவே தெரியும், பக் ஒளிஞ்சுக்கும்.

6 லட்சம் தடவைக்கு ஒவ்வொரு வரிசையும் 1 லட்சத்த ஒட்டி வரணும். இயல்பான ஏத்த இறக்கம் ஒரு 290 அளவு, அதனால 99,400, 100,500 மாதிரி வந்தா பயப்பட வேண்டாம், ஆயிரத்துக்கு மேல விலகினா சந்தேகப்படுங்க. தப்பான ஷஃபிள் போட்டா 88,900 பக்கமும் 111,100 பக்கமும் ரெண்டு கூட்டமா பிரிஞ்சு நிக்கும், கால்குலேட்டரே தேவைப்படாது. ஆனா இதையே 60 தடவ மட்டும் ஓட்டினா நியாயமான எண்ணிக்கை 10, தப்பானதுல 9ம் 11ம், இயல்பான ஏத்த இறக்கமே 3, அதுல ஒண்ணும் தெரியாது. கண்ணால நாலு தடவ பாத்து "நல்லா கலையுது"ன்னு சொல்றது ஏன் செல்லாதுன்னா இதனாலதான்.

52 கார்டுக்கு எல்லா வரிசையும் எண்ண முடியாது, அங்க 52க்கு 52 டேபிள் போட்டு எந்த கார்டு எந்த இடத்துக்கு எத்தனை தடவை போச்சுன்னு எண்ணுங்க. 5 லட்சத்து 20 ஆயிரம் தடவ ஓட்டினா ஒவ்வொரு கட்டத்துலயும் 10,000 பக்கம் வரணும், ஏத்த இறக்கம் 100 அளவு. மொத்தம் 2,704 கட்டம் இருக்கறதால ஆறேழு கட்டம் 300க்கு மேல விலகறது சாதாரணம். தப்பான ஷஃபிள்னா கடைசி கார்டு, முதல் இடம் கட்டத்துல 7,430 பக்கம் வந்து நிக்கும். இந்த டேபிள் மட்டும் போதும்னு விட்டுடாதீங்க, ஏன்னா சீட்டுக்கட்ட வெட்டி வச்ச மாதிரி ரேண்டமா ஒரு இடத்துல இருந்து சுத்தி விட்டா கூட இந்த டேபிள் அச்சு அசலா சமமா வரும், ஆனா வர்ற வரிசை 52தான். அதனால சின்ன அளவுல, மூணோ நாலோ வச்சு, முழு வரிசை எண்ற டெஸ்ட்டும் கூடவே இருக்கணும், ரெண்டும் சேர்ந்து பாஸ் ஆனாதான் அந்த ஃபங்ஷன மெயின் பிராஞ்சுல சேர்க்கலாம்.